நூறு கிளிக்கில் பதினொன்றா, மூன்றா?

கேகிள் என்ற தரவுத் தளத்தில் `KAG_conversion_data.csv` என்றொரு சிறிய கோப்பு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கிறது. பெயர் மறைக்கப்பட்ட ஒரு நிறுவனம் ஃபேஸ்புக்கில் கொடுத்த விளம்பரங்களின் கணக்கு அது. மொத்தம் 1,143 வரிகள். ஒரு வரிக்கு ஒரு விளம்பரம். அது எந்த வயதினருக்குக் காட்டப்பட்டது, எத்தனை முறை திரையில் தோன்றியது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எவ்வளவு செலவானது, எத்தனை பேர் விசாரித்தார்கள், கடைசியில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். தரவுப் பகுப்பாய்வு படிக்கும் மாணவர்கள் பலர் இந்தக் கோப்பில்தான் கைப்பழக்கம் பெறுகிறார்கள்.

இந்த 1,143 விளம்பரங்களும் மூன்று பிரச்சாரங்களைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பெயர் இல்லை. 916, 936, 1178 என்ற எண்கள் மட்டுமே உண்டு. மூன்றையும் ஒரே பக்கத்தில் சுருக்கி, “மொத்தத்தில் எப்படிப் போயிற்று?” என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத் துறையில் தினமும் நடக்கும் வேலைதான் இது. எழுதுபவர் கவனமாக இல்லாவிட்டால், இதே கோப்பிலிருந்து உண்மையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிய விற்பனை விகிதம் வந்துவிடும். அதில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த எண்ணும் திருத்தப்பட்டிருக்காது.

மூன்று வகுத்தல்கள்

விளம்பரச் சுருக்கத்தில் எப்போதும் கண்ணில் படும் விகிதங்கள் மூன்று. முதலாவது கிளிக் விகிதம். துறையில் இருப்பவர்கள் சி.டி.ஆர். என்பார்கள். விளம்பரம் திரையில் தோன்றிய ஒவ்வொரு முறையும் ஓர் இம்ப்ரெஷன். கிளிக் எண்ணிக்கையை இம்ப்ரெஷன் எண்ணிக்கையால் வகுத்தால் சி.டி.ஆர். கிடைக்கும். இரண்டாவது சி.பி.சி., அதாவது ஒரு கிளிக்கிற்கு ஆன செலவு. மொத்தச் செலவைக் கிளிக் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மூன்றாவது கன்வெர்ஷன் விகிதம். கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் வாடிக்கையாளர் ஆனார்கள் என்று சொல்வது. வாங்கியவர் எண்ணிக்கையைக் கிளிக் எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது.

இவை மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் இணைய இதழ் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பட்டை விளம்பரத்தை வெளியிட்டபோது, இணைய விளம்பரம் அச்சு விளம்பரத்தைப் போல இடத்துக்கும் பார்வைக்கும் விலை பேசுவதாகவே இருந்தது. 1998-இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் தேடுபொறி, கிளிக் செய்தால் மட்டும் காசு என்ற முறையைப் பரப்பியது. 2000-இல் ஆட்வேர்ட்ஸைத் தொடங்கிய கூகுள் முதலில் இம்ப்ரெஷனுக்குத்தான் கட்டணம் வாங்கியது. 2002-இல் கிளிக் ஏலத்துக்கு மாறியது. பார்வைக்குக் காசு கொடுத்தவருக்குச் சி.டி.ஆர். முக்கியமாக இருந்தது. கிளிக்கிற்குக் காசு கொடுப்பவருக்குச் சி.பி.சி.யும் கன்வெர்ஷன் விகிதமும் முக்கியமாயின. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றும் எண்ணப்படுபவை அல்ல, வகுத்துப் பெறப்படுபவை. இம்ப்ரெஷன், கிளிக், செலவு, வாங்கியவர் எண்ணிக்கை ஆகிய நான்கும்தான் உண்மையில் எண்ணிப் பதியப்படுபவை.

கேகிள் கோப்பின் 1,143 வரிகளையும் பிரச்சாரவாரியாகக் கூட்டினால் கீழே உள்ள கணக்கு வரும். விகிதங்களுக்கு எந்த நாணயம் என்பது பொருட்டில்லாததால் செலவை வெறும் அலகாகக் கொள்வோம்.

| பிரச்சாரம் | இம்ப்ரெஷன் | கிளிக் | செலவு | வாங்கியவர் |
|---|---|---|---|---|
| 916 | 4,82,925 | 113 | 149.71 | 24 |
| 936 | 81,28,187 | 1,984 | 2,893.37 | 183 |
| 1178 | 20,48,23,716 | 36,068 | 55,662.15 | 872 |
| மொத்தம் | 21,34,34,828 | 38,165 | 58,705.23 | 1,079 |

இந்த எண்களை வகுத்துப் பார்த்தால் 916-இன் சி.டி.ஆர். 0.0234 சதவீதம், சி.பி.சி. 1.32, கன்வெர்ஷன் விகிதம் 21.24 சதவீதம். 936-க்கு முறையே 0.0244 சதவீதம், 1.46, 9.22 சதவீதம். 1178-க்கு 0.0176 சதவீதம், 1.54, 2.42 சதவீதம். சி.டி.ஆரும் சி.பி.சி.யும் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. கன்வெர்ஷன் விகிதம் மட்டும் 21-இலிருந்து 2 வரை இறங்குகிறது.

மூன்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால்

அடுத்து மொத்த வரியை நிரப்ப வேண்டும். விரிதாளில் மூன்று விகிதங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. கை தானாகவே `AVERAGE` பக்கம் போகும். மூன்று கன்வெர்ஷன் விகிதங்களின் சராசரி 10.96 சதவீதம். சுருக்கத்தில் “நூறு கிளிக்கில் பதினொரு விற்பனை” என்று எழுதிவிடலாம்.

ஆனால் மொத்தம் 38,165 கிளிக்குகளுக்கு வாங்கியவர்கள் 1,079 பேர்தான். அது 2.83 சதவீதம். நூறு கிளிக்கில் மூன்று விற்பனைகூட இல்லை.

இரண்டில் எது சரி என்று வாதம் செய்யத் தேவையில்லை. திருப்பிப் பெருக்கினால் போதும். 38,165 கிளிக்குகளில் 10.96 சதவீதம் என்றால் 4,183 பேர் வாங்கியிருக்க வேண்டும். கோப்பில் அப்படி 4,183 பேர் இல்லை. மூன்று சி.டி.ஆர்.களின் சராசரி 0.0218 சதவீதம், அதை மொத்த இம்ப்ரெஷனோடு பெருக்கினால் 46,500-க்கும் மேற்பட்ட கிளிக்குகள் வருகின்றன. நடந்தவை 38,165. சராசரி சி.பி.சி. 1.44, அதைக் கிளிக்குகளோடு பெருக்கினால் செலவு சுமார் 55,040 அலகு. பற்றுச்சீட்டிலோ 58,705. விகிதம் சரியாக இருந்தால் அதன் கீழ் எண்ணோடு பெருக்கும்போது மேல் எண் அப்படியே திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அந்த விகிதம் அந்தப் பிரச்சாரத்தினுடையதே அல்ல. வேறொருவர் தயாரித்த அறிக்கையைச் சோதிக்க இதைவிட விரைவான வழி கிடையாது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிழை உடனே பிடிபடும். ஒரு மட்டையாளர் ஓர் ஆட்டத்தில் ஒரே பந்தைச் சந்தித்து 4 ஓட்டம் எடுக்கிறார். ஸ்ட்ரைக் ரேட் 400. அடுத்த ஆட்டத்தில் 50 பந்தில் 50 ஓட்டம். ஸ்ட்ரைக் ரேட் 100. அவருடைய ஸ்ட்ரைக் ரேட் 250 என்று எந்த வர்ணனையாளரும் சொல்ல மாட்டார். 51 பந்தில் 54 ஓட்டம், ஆக 105.88 என்றுதான் சொல்வார். 916-ஆம் பிரச்சாரம் அந்த ஒரு பந்து ஆட்டத்தைப் போன்றது. மொத்தக் கிளிக்குகளில் அதன் பங்கு 0.3 சதவீதம்; 1178-இன் பங்கு 94.5 சதவீதம். சாதாரண சராசரி இரண்டுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு குரல் கொடுத்துவிடுகிறது.

“அப்படியானால் எடையிட்ட சராசரி எடுக்கலாமே?” என்று கேட்கலாம். எடுக்கலாம், எடை எது என்பது தெரிந்திருந்தால். ஒரு விகிதத்துக்குரிய எடை அதன் கீழ் எண் மட்டுமே. கன்வெர்ஷன் விகிதத்துக்குக் கிளிக் எண்ணிக்கையை எடையாக வைத்தால் சரியாக 2.83 வரும். இம்ப்ரெஷனை எடையாக வைத்தால் 2.72 வரும். பார்வைக்குக் கிட்டத்தட்ட சரி போலத் தெரியும், ஆனால் தவறு. எடையைப் பற்றி யோசிக்காமலே தப்பிக்கும் வழி, மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை வகுப்பது. கேகிள் கோப்பை விரிதாளில் திறந்தால் கிளிக் H நெடுவரிசையிலும், வாங்கியவர் K நெடுவரிசையிலும், பிரச்சார எண் B நெடுவரிசையிலும் இருக்கும். மொத்த விகிதமும், 916-இன் விகிதமும் இப்படி:

```
=SUM(K2:K1144)/SUM(H2:H1144)
=SUMIF(B2:B1144,916,K2:K1144)/SUMIF(B2:B1144,916,H2:H1144)
```

பிழையின் விலையைப் பணத்தில் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். ஒரு விற்பனைக்கு ஆகும் செலவு என்பது சி.பி.சி.யைக் கன்வெர்ஷன் விகிதத்தால் வகுத்தது. சராசரிகளை நம்பினால் அது சுமார் 13.16 அலகு. உண்மையில் 58,705.23-ஐ 1,079-ஆல் வகுத்தால் 54.41 அலகு. அடுத்த காலாண்டில் ஆயிரம் விற்பனை வேண்டும் என்று திட்டமிடுபவர் 13,000 அலகை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். தேவைப்படுவது 54,000-க்கும் மேல்.

யாரும் சறுக்காமலே விகிதம் சரியும்போது

சரியாகக் கணக்கிட்ட விகிதத்தையும் தவறாகப் படிக்க முடியும். 916, 936 இரண்டை மட்டும் சேர்த்துச் சுருக்கினால் 2,097 கிளிக், 207 விற்பனை; கன்வெர்ஷன் விகிதம் 9.87 சதவீதம். அதோடு 1178-ஐச் சேர்த்ததும் 2.83-க்கு விழுகிறது. இரண்டு சுருக்கங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மேலாளர், விளம்பரம் களைத்துப்போயிற்று என்றோ, இணையப் பக்கத்தில் ஏதோ கோளாறு என்றோ முடிவுக்கு வரக்கூடும். 916-உம் 936-உம் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. கலவைதான் மாறியது. மொத்த விகிதம் சரிந்தால் ஒவ்வொரு பிரச்சாரத்தின் விகிதத்தையும், கிளிக்குகளில் அதன் பங்கையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். விகிதங்கள் அசையாமல் பங்குகள் மட்டும் அசைந்திருந்தால் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

அதே சமயம் 916-இன் 21 சதவீதத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. அது 113 கிளிக்குகளில் 24. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயல் மட்டுமே விகிதத்தை ஏழெட்டுச் சதவீதப் புள்ளிகள் மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். உண்மை 14-க்கும் 29-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். 36,068 கிளிக் கொண்ட 1178-க்கு அந்தத் தடுமாற்றம் 0.16 புள்ளிதான். 916 மற்ற இரண்டையும்விட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் செலவை நூறு மடங்காக்கினால் அதே 21 சதவீதம் கிடைக்கும் என்பதற்கு இந்தக் கோப்பில் எந்த ஆதாரமும் இல்லை.

கிளிக்கே இல்லாமல் ஒரு விசாரணை

இனிக் கோப்பின் முதல் ஐந்து வரிகளை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஐந்துமே 916-ஐச் சேர்ந்தவை. 30 முதல் 34 வயது ஆண்களுக்குக் காட்டப்பட்டவை.

முதல் விளம்பரம் 7,350 முறை தோன்றியது; ஒரு கிளிக், 1.43 அலகு செலவு. இரண்டாவது 17,861 முறை. 2 கிளிக், 1.82 அலகு. மூன்றாவது 693 முறை. கிளிக் இல்லை, செலவும் இல்லை. நான்காவது 4,259 முறை. ஒரு கிளிக், 1.25. ஐந்தாவது 4,133 முறை. ஒரு கிளிக், 1.29.

மூன்றாவது வரியின் சி.பி.சி. என்ன? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். விரிதாள் `#DIV/0!` என்று எழுதும். அறிக்கை அசிங்கமாகத் தெரிகிறது என்று சிலர் அந்தக் கட்டத்தில் 0 போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஐந்து வரிகளின் சராசரி சி.பி.சி. 0.98 ஆகிறது. ஒரு கிளிக் இலவசமாகக் கிடைத்ததாகக் கணக்கு சொல்கிறது, கிளிக்கே கிடைக்காதபோது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நான்கு வரிகளின் சராசரி 1.22. மொத்தச் செலவு 5.79; மொத்தக் கிளிக் 5. ஆகவே உண்மையான சி.பி.சி. 1.16. ஒரே ஐந்து வரிகளிலிருந்து மூன்று விடைகள். கூட்டிவிட்டு வகுத்தால் அந்தப் பூஜ்ய வரி எந்தத் தொல்லையும் கொடுப்பதில்லை. செலவிலும் கிளிக்கிலும் அது பூஜ்யத்தைச் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறது. தனி வரியில் அதன் சி.பி.சி.யைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மை.

அதே மூன்றாவது வரியில் இன்னொன்றும் இருக்கிறது. கிளிக் இல்லை, ஆனால் விசாரித்தவர் ஒருவர் என்று பதிவாகியிருக்கிறது. முதல் வரியில் கிளிக் ஒன்று, விசாரணை இரண்டு. அதாவது 200 சதவீதம். ஐந்து வரிகளையும் கூட்டினால் 5 கிளிக், 7 விசாரணை; 140 சதவீதம்.

இதில் எந்த எண்ணும் தவறில்லை. இந்தக் கோப்பில் விசாரணை, வாங்குதல் இரண்டும் விளம்பரத்தைப் பார்த்த பிறகு வந்தவர்கள் என்ற அளவில்தான் வரையறுக்கப்பட்டுள்ளன. கிளிக் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கிளிக் செய்யாமல் போன ஒருவர், பின்னர் தானாகவே தளத்துக்கு வந்து விசாரித்தால் அதுவும் கணக்கில் சேரும். இதைப் பார்வைவழிக் கன்வெர்ஷன் என்பார்கள். ஆகவே இங்கே மேல் எண் கீழ் எண்ணின் ஒரு பகுதியே அல்ல. விகிதம் நூறைத் தாண்டுவதில் வியப்பில்லை. மொத்தச் சுருக்கத்தில் 2.83 சதவீதம் என்று கண்ணியமாகத் தெரியும் விகிதத்துக்குள்ளும் இந்தக் கலப்பு ஒளிந்திருக்கிறது. வாங்கியவர்களை இம்ப்ரெஷனால் வகுத்துப் பார்ப்பது இங்கே ஒரு நல்ல குறுக்குச் சோதனை. பத்து லட்சம் இம்ப்ரெஷனுக்கு 916-இல் சுமார் 50 பேர், 936-இல் 22 அல்லது 23 பேர், 1178-இல் 4 பேர். வரிசை மாறவில்லை. ஆகவே 916 முன்னே, 1178 பின்னே என்ற முடிவு கீழ் எண்ணை மாற்றினாலும் நிற்கிறது.

இரண்டு தசமம் தின்ற கிளிக்குகள்

கடைசியாக ஒரு பொறி. அறிக்கையில் எண்ணிக்கைகளை நீக்கிவிட்டு விகிதங்களை மட்டும் இரண்டு தசம இடங்களில் தருவது பலரின் வழக்கம். இந்த மூன்று பிரச்சாரங்களின் சி.டி.ஆரையும் அப்படி எழுதினால் மூன்றுமே 0.02 சதவீதம். வேறுபாடு மறைந்துபோகிறது. அதைவிடக் கேடு, அந்த 0.02-ஐ வைத்துக் கிளிக்குகளை மீட்க முயல்வது. 1178-இன் இம்ப்ரெஷனில் 0.02 சதவீதம் என்றால் 40,965 கிளிக். நடந்தவை 36,068. ஒரு தசமச் சுருக்கத்தில் ஏறத்தாழ 4,900 கிளிக்குகள் புதிதாக முளைத்துவிட்டன. 916-இல் இது தலைகீழாகிறது: 113 இருக்க வேண்டிய இடத்தில் 97. எண்ணிக்கையிலிருந்து விகிதத்தை எப்போது வேண்டுமானாலும் பெறலாம். சுருக்கிய விகிதத்திலிருந்து எண்ணிக்கையை மீட்க முடியாது.

விளம்பரத்துக்குக் காசு கொடுப்பவர் சிறு கடைக்காரராக இருந்தாலும் பெரிய நிறுவனமாக இருந்தாலும், முகவர் தரும் அறிக்கையில் ஒவ்வொரு பிரச்சாரத்துக்கும் இம்ப்ரெஷன், கிளிக், செலவு, வாங்கியவர் ஆகிய நான்கு எண்ணிக்கைகளையும், வாங்கியவர் என்று யாரை எண்ணினார்கள் என்ற வரையறையையும் கேட்டு வாங்க வேண்டும். அவை கையில் இருந்தால் மொத்த வரியைச் சரிபார்க்க நான்கு கூட்டல்களும் மூன்று வகுத்தல்களும் போதும். அவற்றைத் தர மறுக்கும் அறிக்கையின் சதவீதங்களை நம்பி அடுத்த மாதத்துக்குப் பணம் ஒதுக்கக் கூடாது.